ஐந்து நிமிடம், ஒரு பதில்

நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் மின்னஞ்சலில், தேதி, நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் எல்லாம் முடிந்த பிறகு இப்படியும் ஒரு வரி வருவதுண்டு: ‘கீழே உள்ள தலைப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதன் பிறகு குழுவினர் கேள்வி கேட்பார்கள்.’ பிரிட்டனில் அரசுப் பணிகளுக்கும், என்.எச்.எஸ். என்ற பொது மருத்துவச் சேவையில் மேற்பார்வைப் பொறுப்புகளுக்கும் இது பழகிப்போன நடைமுறை. நம் ஊரிலும் தனியார் மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள் எனப் பல இடங்களில் இப்படிக் கேட்கிறார்கள்.

தலைப்பு அவர்கள் கொடுப்பது. கேட்கப்போகிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள். தலைப்பைப் பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது, அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் திரட்டுவதுதான். பிரச்சினையின் வரலாறு, அதன் ஐந்து காரணங்கள், எட்டுத் தீர்வுகள், முடிவுரை என்று ஒரு பள்ளிக் கட்டுரை தயாராகிவிடும். அதே தலைப்பில் அன்று காலையிலிருந்து நாலைந்து பேர் அதே காரணங்களையும் அதே தீர்வுகளையும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். குழுவினருக்கு அந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். இந்த வேலையை உங்களிடம் கொடுத்தால் எதை முதலில் செய்வீர்கள், ஏன் அதை முதலில் செய்வீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. ஐந்து நிமிடமும் அதற்கே போக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்த்தால் இது விளங்கும்.

தலைப்பை வாசிக்கும் விதம்

ஒரு தனியார் மருத்துவமனை. வேலை: ஓ.பி. எனப்படும் புறநோயாளிகள் பிரிவின் மேலாளர். விண்ணப்பித்திருப்பவர் வேறொரு மருத்துவமனையில் வரவேற்பிலும் பில்லிங்கிலும் சில ஆண்டுகள் வேலை பார்த்த பெண் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வந்த தலைப்பு: ‘எங்கள் ஓ.பி.யில் நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தை முதல் 90 நாளில் எப்படிக் குறைப்பீர்கள்?’

இந்த ஒரு வரிக்குள் மூன்று வேலிகள் இருக்கின்றன. முதலாவது, ‘முதல் 90 நாள்’. புதிய கட்டடம், புதிய மென்பொருள், இன்னும் நான்கு டாக்டர்கள் என்ற யோசனைகள் எல்லாம் இதோடு அடிபட்டுப் போகின்றன. இருப்பதை வைத்துச் செய்யக்கூடியதைத்தான் கேட்கிறார்கள். இரண்டாவது, ‘காத்திருக்கும் நேரம்’. நோயாளியின் திருப்தி, ஊழியர்களின் கனிவு, வளாகத்தின் சுத்தம் எல்லாமே நல்ல விஷயங்கள்தான். ஆனால் கேள்வி அவற்றைப் பற்றியது அல்ல. மூன்றாவது, ‘குறைப்பீர்கள்’. மேலாளரின் கைக்கு எட்டும் வேலையைச் சொல்ல வேண்டும். டாக்டர்கள் இன்னும் வேகமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அந்தப் பதவிக்கு அதிகாரம் கிடையாது.

வேலிகளைப் பார்த்த பிறகு, ஒரே வாக்கியத்தில் பதிலை எழுத வேண்டும். அந்த வாக்கியம் கிடைக்கும்வரை ஸ்லைடு பக்கம் போகவே கூடாது. நம் விண்ணப்பதாரர் எழுதிய வாக்கியம் இது: ‘எல்லோரையும் காலை ஒன்பது மணிக்கே வரச் சொல்வதை விட்டுவிட்டு, மணிக்குப் பத்துப் பேர் என்று நேரம் பிரித்து டோக்கன் கொடுப்பேன்.’

வாக்கியம் சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அதைக் கேட்டவர் ‘இல்லை, இது சரிவராது’ என்று மறுத்துப் பேச முடிய வேண்டும். ‘அனைவரும் ஒருங்கிணைந்து செயல்பட்டால் காத்திருப்பைக் குறைக்கலாம்’ என்ற வாக்கியத்தை யாராலும் மறுக்க முடியாது. அதனால் அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவும் போவதில்லை.

முடிவு முதலில் வர வேண்டும்

கதையிலும் மேடைப் பேச்சிலும் முடிவைக் கடைசிவரை ஒளித்து வைக்கலாம். இங்கே அது ஆகாது. குழுவினர் கையில் பெரும்பாலும் மதிப்பெண் தாள் இருக்கும். கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னாரா, வரிசையாகச் சொன்னாரா, நடைமுறை தெரிந்தவரா, நேரத்துக்குள் முடித்தாரா என்ற மாதிரி கட்டங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். முடிவு என்ன என்று தெரியாமல் மூன்று நிமிடம் கேட்பவருக்கு, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு விவரத்தையும் எங்கே வைப்பது என்று தெரியாது. மெக்கின்சி நிறுவனத்தில் பணியாற்றிய பார்பரா மின்டோ அலுவலக அறிக்கைகளுக்காக வகுத்த ‘பிரமிடு’ முறையும் இதையே சொல்கிறது: முடிவு உச்சியில், காரணங்கள் அதன் கீழே.

அதனால் நம் விண்ணப்பதாரரின் முதல் அரை நிமிடம் இப்படி இருக்கும்:

“வணக்கம். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க முதல் 90 நாளில் நான் ஒரு மாற்றத்தை மட்டும் முன்னால் வைப்பேன். எல்லோரையும் ஒன்பது மணிக்கே வரச் சொல்லாமல், மணிக்குப் பத்துப் பேர் என்று நேரம் பிரித்து டோக்கன் கொடுப்பேன். இதற்குக் கூடுதல் டாக்டரோ கூடுதல் அறையோ வேண்டாம். இதனால் எவ்வளவு நேரம் குறையும், எந்த இடத்தில் இது தடுமாறும், அதை எப்படிச் சமாளிப்பேன் என்று சொல்கிறேன்.”

பெயர், ஊர், படிப்பு, இந்த வாய்ப்புக்கு நன்றி என்று நீளும் முன்னுரை இதில் இல்லை. உங்கள் விண்ணப்பம் அவர்கள் மேசையில்தான் இருக்கிறது. அறைக்குள் வந்ததும் வணக்கம் சொல்லிப் பெயரைச் சொல்லியிருப்பீர்கள். அதுவே போதும்.

ஐந்து நிமிடத்தைப் பங்கிடுவது

முதல் அரை நிமிடம் பதிலுக்குப் போனது. அடுத்த ஒரு நிமிடம், பிரச்சினையின் வேர் எது என்று காட்டுவதற்கு. அதற்கடுத்த இரண்டு நிமிடம் திட்டத்துக்கு. பிறகு முக்கால் நிமிடம், எங்கே தடுமாறும் என்பதற்கு. கடைசி இருபது விநாடி முடிவு வாக்கியத்துக்கு. கூட்டிப் பார்த்தால் நாலரை நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். மிச்சம் இருக்கும் சில விநாடிகளை வெறுமனே விட்டுவிட வேண்டும். ஸ்லைடு திறக்கத் தாமதமாகும், குழுவில் ஒருவர் இடையில் ஏதாவது கேட்பார், பதற்றத்தில் ஒரு வரியைத் திரும்பச் சொல்வீர்கள். அந்த விநாடிகள் இவற்றுக்கே போய்விடும்.

வேரைக் காட்டும் நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கு போதும். ஒரு டாக்டர் ஒன்பது மணிக்குப் பார்க்கத் தொடங்குகிறார். ஒரு நோயாளிக்குச் சராசரியாக ஆறு நிமிடம். நாற்பது பேரைப் பார்த்து முடிக்கும்போது மணி ஒன்று. நாற்பது பேரும் ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்தால், முதல் ஆள் காத்திருக்கவே வேண்டாம். கடைசி ஆள் 234 நிமிடம், அதாவது ஏறக்குறைய நாலு மணி நேரம் காத்திருப்பார். சராசரி 117 நிமிடம். அதே நாற்பது பேரை ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பத்துப் பத்துப் பேராக வரச் சொன்னால், அதிகபட்சக் காத்திருப்பு 54 நிமிடம், சராசரி 27 நிமிடம். டாக்டரின் வேகம் மாறவில்லை. அவர் வீட்டுக்குப் போகும் நேரமும் மாறவில்லை.

117, 27 என்ற இரண்டு எண்களும்தான் அந்த அறையில் நிற்கப்போகும் விஷயம். கணக்கில் மீதி இருப்பவை அவற்றுக்குத் துணை மட்டுமே. நாடு முழுவதும் எத்தனை மருத்துவமனைகள், ஆயிரம் பேருக்கு எத்தனை டாக்டர்கள் என்று இன்னும் நான்கு எண்களைச் சேர்த்தால் இந்த இரண்டும் மங்கிப்போகும்.

திட்டத்துக்கான இரண்டு நிமிடத்தில் 90 நாளை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார். முதல் இரண்டு வாரம் அளப்பது மட்டும்தான். டோக்கன் சீட்டிலேயே நான்கு நேரங்களைக் குறிக்கச் சொல்வார்: நோயாளி வந்த நேரம், பதிவு முடிந்த நேரம், டாக்டர் அறைக்குள் அழைத்த நேரம், வெளியே வந்த நேரம். மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை, ஒரே ஒரு துறையில் மட்டும் நேரம் பிரித்த டோக்கன். அங்கே சரிவந்தால் மிச்சமுள்ள ஐந்து வாரத்தில் மற்ற துறைகளுக்கு விரிப்பது.

இந்த மூன்றையும் சம அளவில் சொல்லத் தேவையில்லை. நான்கு நேரங்களைக் குறிக்கும் அந்தச் சீட்டைத்தான் இவர் நிதானமாக விளக்குகிறார். எந்த ஊழியர் எந்த நேரத்தைக் குறிப்பார், கூட்டம் நெரியும்போது எதை எழுத மறப்பார்கள், மாலையில் சீட்டுகளை யார் வாங்கி வைப்பார் என்பதுவரை சொல்கிறார். இவர் கவுன்டரில் உட்கார்ந்தவர் என்பது குழுவுக்கு அங்கேதான் தெரியவரும். ‘எனக்கு ஆறு ஆண்டு அனுபவம் உண்டு’ என்று சொல்வதைவிட அந்த ஒரு சீட்டுக்கு எடை அதிகம்.

அந்நியர்கள் முன்னால் எதைச் சொல்வது, எதை விடுவது

குழுவில் பொதுவாக மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். மனிதவளத் துறைக்காரர் ஒருவர், அந்தத் துறையின் தலைவர் ஒருவர், வேறு துறையிலிருந்தோ வெளியிலிருந்தோ வந்த மூன்றாமவர் ஒருவர். துறைத் தலைவரை மனதில் வைத்து அவருக்குப் புரியும் கலைச்சொற்களில் பேசினால் மற்ற இருவரும் நழுவிவிடுவார்கள். மூன்று பேரின் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் முடிவு. ஆகவே பேச்சை அந்த மூன்றாமவருக்குப் புரிகிற மாதிரி அமைக்க வேண்டும். துறைத் தலைவருக்கான ஆழம் கேள்வி நேரத்தில் வரட்டும். அவர் எப்படியும் கேட்பார்.

அவர்கள் உங்களுக்கு அந்நியர் என்பதுபோல் அவர்களுடைய நிறுவனத்துக்கு நீங்களும் அந்நியர். ‘உங்கள் ஓ.பி.யில் ஒழுங்கே இல்லை’ என்று தொடங்கினால், அந்த ஒழுங்கை ஏற்படுத்தியவர் எதிரில் உட்கார்ந்திருக்கக்கூடும். அதற்காக, தெரிந்ததைத் தெரியாததுபோல மழுப்பவும் வேண்டாம். நம் விண்ணப்பதாரர் இரண்டு நாள் முன்பே போய் ஓ.பி. கூடத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்திருந்தால், “திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கூடத்தில் உட்கார இடமில்லை என்று பார்த்தேன். மற்ற நாட்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் முதல் இரண்டு வாரத்தை அளப்பதற்கு வைத்திருக்கிறேன்” என்று சொல்லலாம். கண்ணால் கண்டதைக் கண்டதாகவும் ஊகத்தை ஊகமாகவும் பிரித்துச் சொல்பவரை, முதல்முறை பார்ப்பவர்கூட நம்புவார்.

எங்கே தடுமாறும் என்று நீங்களே சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர் பதினொரு மணி டோக்கன் இருந்தாலும் எட்டரைக்கே வந்துவிடுவார். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்து இடையில் நுழைவார். இவர்களுக்காக மணிக்குப் பத்து இடத்தில் எட்டுக்கு மட்டும் முன்பதிவு கொடுத்து, இரண்டைக் காலியாக வைப்பதாகச் சொல்கிறார். “நடைமுறையில் 27 நிமிடம் வராது. எல்லா நோயாளிக்கும் ஆறே நிமிடத்தில் முடிந்துவிடாது. ஆனால் 45 நிமிடத்துக்குள் வந்தால்கூட இப்போதிருக்கும் கணக்கில் பாதிக்கும் கீழே” என்று சேர்த்துக்கொள்கிறார். தன் எண்ணைத் தானே குறைத்துச் சொன்னதால் அந்த எண்ணின் பலம் கூடுகிறது.

ஒத்திகையும் கத்தரியும்

பேச வேண்டியதை முதலில் முழுமையாக எழுதிவிட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். மனதுக்குள் படிப்பது கணக்கில் வராது. வாய் அதைவிட மெதுவாகத்தான் போகும். தமிழில் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்ற கணக்கு நமக்குப் பொருந்தாது. ஒரு நிமிடம் நிதானமாகப் பேசி, எத்தனை சொல் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தால் உங்கள் அளவு தெரிந்துவிடும். எந்த மொழியில் பேச வேண்டும், கேள்வி நேரமும் ஐந்து நிமிடத்துக்குள் அடங்குமா, புரொஜெக்டர் உண்டா என்ற மூன்றையும் மனிதவளத் துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். அதில் தவறில்லை.

முதல் ஒத்திகை ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பலரும் செய்வது, அதே விஷயங்களை வேகமாகப் பேசப் பார்ப்பதுதான். அப்படிப் பேசினால் எண்கள் கேட்பவரின் காதில் ஏறாது. ஒவ்வொரு வரியிலும் நாலு சொல்லை வெட்டுவதும் பயன் தராது. ஒரு முழு விஷயத்தையே தூக்க வேண்டும். நம் விண்ணப்பதாரரின் முதல் வரைவில் பில்லிங் கவுன்டரை இரண்டாக்குவது, மருந்தகத்தை இடம் மாற்றுவது என்று இரண்டு யோசனைகள் இருந்தன. இரண்டும் சரியான யோசனைகள்தான். ஆனால் அவர் எழுதிய ஒற்றை வாக்கியத்துக்கு அவை துணை நிற்கவில்லை. இரண்டையும் எடுத்து, கேள்வி வந்தால் சொல்வதற்காகத் தனியே வைத்துக்கொண்டார்.

இன்னொரு பத்தியை முன்கூட்டியே குறித்து வைப்பது நல்லது. நேரம் நழுவினால் எதை அப்படியே தாண்டிப் போவது என்று தீர்மானித்திருக்க வேண்டும். இவர் குறித்து வைத்திருப்பது, மற்ற துறைகளுக்கு விரிக்கும் கடைசி ஐந்து வாரப் பகுதி. நான்காவது நிமிடம் தொடும்போது அதற்குள் இன்னும் நுழையவில்லை என்றால், அதை விட்டுவிட்டு நேராகத் தடுமாற்றங்களுக்குப் போய்விடுவார். இந்த ஏற்பாடு இல்லாதவர்கள் மணி அடிக்கும்போது நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். முடிவு வாக்கியம் சொல்லப்படாமலே போகிறது.

முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். நடுவில் இருப்பதைக் குறிப்புகளாக ஒரு சிறு அட்டையில் வைத்துக்கொள்ளலாம். முழுவதையும் மனப்பாடம் செய்தவர் இடையில் யாராவது இருமினால்கூட விட்ட இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு மூன்று ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். இந்த எடுத்துக்காட்டில் 117, 27 என்ற எண்கள் உள்ள ஒரு ஸ்லைடும், டோக்கன் சீட்டின் படம் உள்ள ஒரு ஸ்லைடும் போதும். தமிழில் ஸ்லைடு செய்தால் யூனிகோடில் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பவர்பாயின்ட் கோப்போடு ஒரு பி.டி.எஃப். பிரதியும், அந்த எண்களை அச்சிட்ட நாலைந்து தாள்களும் கையில் இருந்தால், புரொஜெக்டர் வேலை செய்யாவிட்டாலும் பேச்சு நிற்காது.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் துறையோடு தொடர்பே இல்லாத ஒருவரிடம் பேசிக் காட்டிவிட்டு, பத்து நிமிடம் கழித்து ‘நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன்?’ என்று கேளுங்கள். ‘எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லாமல் பிரித்து வரச் சொல்வாய்’ என்று அவர் சொன்னால் அமைப்பு நிற்கிறது. ‘ஆஸ்பத்திரியைப் பற்றி நிறையச் சொன்னாய்’ என்றால், பேச்சுத் திறமையில் குறை தேட வேண்டாம். திருத்த வேண்டியது அந்த ஒற்றை வாக்கியத்தையும் வரிசையையும்தான்.

கேள்விக்கு வைக்கும் வாசல்

பேசும்போது குழுவினர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் கலங்க வேண்டாம். மதிப்பெண் தாளை நிரப்புகிறார்கள். முடிவில் ‘அவ்வளவுதான்’ என்று இழுக்காமல், பதிலையே இன்னும் கூர்மையாகச் சொல்லி நிறுத்த வேண்டும்: “90 நாள் கழித்து என்னை எதை வைத்து மதிப்பிடலாம் என்றால், அந்த டோக்கன் சீட்டில் இரண்டாவது நேரத்துக்கும் மூன்றாவது நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து மதிப்பிடுங்கள். நன்றி.”

பதிவு முடிந்ததற்கும் டாக்டர் அழைத்ததற்கும் இடையில் உள்ள அந்த இடைவெளிதான் தலைப்பில் கேட்ட காத்திருப்பு. இப்படி முடித்தால் கேள்விகளும் அதை ஒட்டியே வரும். நம் எடுத்துக்காட்டில் துறைத் தலைவர் கேட்கிறார்: “சரிம்மா, டாக்டரே பத்து மணிக்கு வந்தால் உங்கள் கணக்கு என்ன ஆகும்?”

“எல்லோருக்கும் ஒரு மணி நேரம் கூடிவிடும், சார். 27 என்றது 87 ஆகிவிடும். அதனால் டாக்டர் முதல் நோயாளியை அழைக்கும் நேரமும் அந்தச் சீட்டிலிருந்தே தெரிந்துவிடும். இதை டாக்டர்களிடம் நான் நேரடியாகப் பேச முடியாது. இரண்டு வார அளவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவக் கண்காணிப்பாளரிடம் பேசுவேன். அதுவரை, டாக்டர் தாமதமாகிறார் என்று தெரிந்த உடனே பத்து மணி, பதினொரு மணி டோக்கன்காரர்களுக்குப் போனில் தகவல் சொல்லிவிடுவோம்.”

இது திடீரென்று தோன்றிய பதில் அல்ல. ஒத்திகையின்போதே, தன் திட்டத்தை வீழ்த்தக்கூடிய மூன்று கேள்விகளை அவர் எழுதி வைத்திருந்தார். டாக்டர் தாமதமானால் என்ன, நோயாளிகள் நேரத்தை மதிக்காவிட்டால் என்ன, ஊழியர்கள் சீட்டில் எழுத மறுத்தால் என்ன. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடப் பதில் தயாராக இருந்தது.

சில தேர்வுகளில் தலைப்பை அங்கேயேதான் கொடுப்பார்கள். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வின் ‘லெக்சரெட்’ பகுதியில், அட்டையில் உள்ள தலைப்புகளில் ஒன்றை எடுத்து மூன்று நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம் பேச வேண்டும். அப்போது ஸ்லைடும் இல்லை, முன்கூட்டியே போய்ப் பார்த்த கூடமும் இல்லை. ஆனாலும் யோசிக்கக் கிடைக்கும் நேரத்தில் முதலில் எழுத வேண்டியது, மறுக்கக்கூடிய அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதற்குக் கீழே ஒரு காரணம், ஒரு நிகழ்வு, ஒரு வரம்பு என்று மூன்று சொற்களைக் குறித்துக்கொண்டால் எழுந்து பேசலாம்.